ட்ராஃபிக் சரிவு அலர்ட்: வரம்பைப் பழைய எண்களிலிருந்தே எடுப்பது எப்படி

ஒரு தளத்துக்கு முதன்முதலாக ட்ராஃபிக் அலர்ட் வைப்பவர்கள் பெரும்பாலும் "நேற்று இதே நேரத்தைவிட 20 சதவீதம் குறைந்தால் சொல்" என்றுதான் எழுதுவார்கள். அது வார இறுதி தொடங்கியதும் அடிக்கும், நள்ளிரவில் அடிக்கும், விடுமுறை நாளில் விடாமல் அடிக்கும். இரண்டு வாரத்தில் டீமில் யாராவது அந்தச் சேனலை மியூட் செய்துவிடுவார்கள். அதன்பின் தளம் உண்மையிலேயே விழுகிற நாளில் அலர்ட் ஒழுங்காகத்தான் போகும். பார்க்கத்தான் ஆள் இருக்காது.

அந்த 20 யாரோ தோராயமாகச் சொன்ன எண். உங்கள் தளத்தின் ட்ராஃபிக் சாதாரண நாட்களிலேயே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. 12 வார மணிவாரி எண்ணிக்கையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் இருந்தால், ஒரு பிற்பகலில் அதைக் கணக்கிட்டுவிடலாம்.

எதை எண்ணுவது

வரம்பைப் பற்றி யோசிக்கும் முன் எண்ணிக்கை சுத்தமாக இருக்க வேண்டும். சர்வருக்கு வரும் எல்லா ரிக்வெஸ்ட்டையும் எண்ணினால் படங்கள், ஸ்டைல் ஃபைல்கள், ஹெல்த் செக், தேடுபொறி பாட்கள் எல்லாம் சேர்ந்துவிடும். ஒரு பாட் இரண்டு நாள் தளத்தை மேய்ந்துவிட்டுக் கிளம்பினால், மனிதர் ஒருவர்கூடக் குறையாமல் வரைபடம் சரியும். இதைவிட மோசமானது இதன் மறுபக்கம்: மனிதர்கள் பாதியாகக் குறைந்தபோது பாட் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் அலர்ட் அடிக்கவே அடிக்காது. ஆகவே பக்க ரிக்வெஸ்ட்டுகளை மட்டும், அதிலும் வெற்றிகரமாகப் பதில் போனவற்றை மட்டும், தெரிந்த பாட்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

தளத்துக்கு முன்னால் சிடிஎன் இருந்தால் எண்ணிக்கையை அதன் லாகிலிருந்து எடுங்கள். உங்கள் சொந்த சர்வரின் லாகிலிருந்து எடுத்தால், யாராவது கேஷ் நேரத்தைக் கூட்டிய அன்றே ட்ராஃபிக் "சரிந்துவிடும்". கூகுள் அனலிட்டிக்ஸ் போன்றவை இந்த வேலைக்குத் தோதுப்படாது. அதன் அறிக்கைகளில் எண்கள் முழுமையடைய 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். கடைசி சில மணி நேரம் எப்போதும் குறைவாகவே தெரியும் ஒரு மூலத்தின் மீது சரிவு அலர்ட் வைத்தால், அது தினமும் பொய் சொல்லும்.

வழக்கம் என்பது என்ன

செவ்வாய் காலை 10 மணியை ஒப்பிட வேண்டியது திங்கள் காலை 10 மணியோடு அல்ல, முந்தைய செவ்வாய்களின் காலை 10 மணியோடு. மனிதர்களின் பழக்கம் வாரக் கணக்கில் சுழல்கிறது. அதற்காகப் போன வாரம் ஒன்றை மட்டும் எடுத்தாலும் ஆபத்துதான். போன செவ்வாய் ஏதோ ஒரு பக்கம் பரவலாகப் பகிரப்பட்டு 7,900 பேர் வந்திருந்தால், இன்று வழக்கம்போல 4,100 பேர் வரும்போது ட்ராஃபிக் பாதியாகிவிட்டதாக அலர்ட் வரும்.

எனவே கடந்த நான்கு வாரங்களின் அதே கிழமை, அதே மணியை எடுத்து, அவற்றின் மீடியனை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மீடியன் என்பது எண்களை வரிசைப்படுத்தியபின் நடுவில் நிற்பது. நான்கு எண்கள் இருந்தால் நடுவிலுள்ள இரண்டின் சராசரி. ஏன் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சாதாரணச் சராசரி எடுக்கக் கூடாது? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். நான்கு செவ்வாய்களின் 10 மணி எண்ணிக்கை இவை: 4,120, 3,980, 1,310, 4,190. மூன்றாவது ஒரு விடுமுறை நாள். சராசரி 3,400. மீடியன் 4,050. இன்று 3,000 பேர்தான் வந்திருக்கிறார்கள். சராசரியோடு ஒப்பிட்டால் 0.88, கவலைப்பட எதுவும் இல்லாததுபோலத் தெரிகிறது. மீடியனோடு ஒப்பிட்டால் 0.74, கால்வாசிக்கு மேல் காணவில்லை. ஒரே ஒரு விடுமுறை நாள் சராசரியை அவ்வளவு கீழே இழுத்து, அடுத்த நான்கு வாரமும் அந்த மணியில் வரும் உண்மையான சரிவை மறைக்கும். மீடியன் அந்த ஒற்றை எண்ணுக்கு அசையாது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் பழைய நாட்களை ஓட்டிப் பார்ப்பது

12 வாரத் தரவை இறக்குங்கள். A நெடுவரிசையில் நேரம், B நெடுவரிசையில் அந்த மணியின் எண்ணிக்கை. முதல் வரி தலைப்பு, தரவு 2ஆம் வரியில் தொடங்கும். ஒரு வாரத்துக்கு 168 மணி என்பதால், 168 வரிக்கு மேலே பார்த்தால் போன வாரத்தின் அதே மணி கிடைக்கும். முதல் நான்கு வாரம் ஒப்பிடுவதற்காகவே போய்விடும். எனவே C674இல் இதை எழுதி 2017ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=B674/MEDIAN(B506,B338,B170,B2)
```

இப்போது 8 வாரத்துக்கு, அதாவது 1,344 மணிகளுக்கு, "வந்தது வகுத்தல் வழக்கம்" என்ற விகிதம் கையில் இருக்கிறது. 1 என்றால் வழக்கம்போல, 0.5 என்றால் பாதி.

இங்கே புதியவர்கள் அனேகமாக எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. லாகிலிருந்து மணிவாரியாகத் தொகுக்கும்போது, ஒருவர்கூட வராத மணிக்கு வரியே உருவாகாது. தளம் இரண்டு மணி நேரம் முழுமையாக விழுந்திருந்தால் அந்த இரண்டு வரிகள் இருக்காது. அதற்குக் கீழே உள்ள எல்லா ஒப்பீடும் இரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடும். கண்டுபிடிப்பது எளிது: 12 வாரத்துக்குச் சரியாக 2,016 வரி இருக்க வேண்டும். குறைந்தால் விடுபட்ட மணிகளைத் தேடி 0 போட்டு நிரப்புங்கள். கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் நாடுகளிலிருந்து பார்வையாளர்கள் வந்தால், உள்ளூர் நேரத்தில் எடுத்த தரவில் ஒரு நாளுக்கு 23 அல்லது 25 வரி வரும். நேரத்தை யூடிசியில் வைத்தால் வரிகள் ஒழுங்காக நிற்கும். ஆனால் மனிதர்கள் ஒரு மணி நேரம் முன்பின்னாக வருவதை அது மாற்றாது. அந்த மாற்றத்துக்குப் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களில் காலை ஏறும் நேரமும் இரவு இறங்கும் நேரமும் பொய் அலாரம் தரும் என்பதை முன்கூட்டியே குறித்துவையுங்கள்.

இரவை முதலில் பிரித்துவிடுங்கள்

விகிதங்களை நேரத்தோடு சேர்த்து, மதிப்புகளாக மட்டும் வேறு தாளில் ஒட்டி வரிசைப்படுத்திப் பார்த்ததும் அடிமட்டத்தில் பெரும்பாலும் பின்னிரவு மணிகளே குவிந்திருக்கும். அந்த நேரத்தில் தளத்துக்கு எதுவும் ஆகவில்லை. எண்ணிக்கை சிறியது, அவ்வளவுதான். தனித்தனியாக முடிவெடுத்து வருகிற மனிதர்களின் எண்ணிக்கை N என்றால், அது வெறும் தற்செயலாகவே N-இன் வர்க்கமூலம் அளவுக்கு ஆடும். 4,000 பேர் வரும் மணியில் அந்த ஆட்டம் சுமார் 63, அதாவது ஒன்றரை சதவீதம். 60 பேர் வரும் மணியில் அது சுமார் 8, அதாவது 13 சதவீதம். இரவில் 60 பேர் வர வேண்டிய இடத்தில் 45 பேர் வந்தால் அது 25 சதவீதச் சரிவுதான், ஆனால் அப்படி மாதத்தில் சில முறை தானாகவே நடக்கும். நிஜ ட்ராஃபிக் இந்தக் கணக்கைவிட இன்னும் அதிகமாகத்தான் ஆடும், ஏனென்றால் மனிதர்கள் முழுக்கத் தனித்தனியாக வருவதில்லை. ஒரு மின்னஞ்சலோ பகிர்வோ அவர்களைக் கூட்டமாகக் கொண்டுவரும்.

ஆகவே வழக்கமான எண்ணிக்கை 200க்குக் கீழே உள்ள மணிகளுக்குச் சதவீத அலர்ட்டே வேண்டாம் என்று தொடங்குவது நல்லது. 200 என்பது தொடக்க எண்தான். உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு 400 ஆக்கினாலும் சரி. "அப்படியானால் இரவில் தளம் விழுந்தால் யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ட்ராஃபிக்கை நம்பக் கூடாது. வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்க்கும் சோதனை அந்த வேலையைச் செய்யும். அதற்குப் பார்வையாளர் ஒருவர்கூட வர வேண்டியதில்லை.

அடிமட்டப் பட்டியலைப் படிப்பது

இரவை விலக்கியபின், C நெடுவரிசையில் மிகக் குறைந்த 30 விகிதங்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். டிப்ளாய்மென்ட் பதிவு, டீமின் பழைய உரையாடல்கள், நாட்காட்டி மூன்றையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைதான் வரம்பைத் தீர்மானிக்கிறது, எனவே அவசரப்படாதீர்கள். பகலில் மணிக்கு 4,000 பேர் வரும் ஒரு தளத்தில் அந்தப் பட்டியல் இப்படி அமைந்ததாக வைத்துக்கொள்வோம்.

மிகக் கீழே 0.08, 0.11: சர்வர் விழுந்த இரண்டு மணி நேரம். அடுத்து 0.32 முதல் 0.44 வரை அடுத்தடுத்து 12 மணி: விடுமுறை நாள். அதற்கு மேலே 0.55, 0.58, 0.61, ஒரே நாளில் தொடர்ச்சியாக மூன்று மணி. அன்று ஒரு புதிய வெளியீட்டில் மொபைலில் மெனு திறக்காமல் போயிருக்கிறது. சர்வர் நலமாக இருந்தது, பிழை எண்ணிக்கை ஏறவில்லை, மக்கள் முதல் பக்கத்தோடு திரும்பிவிட்டார்கள். ட்ராஃபிக் அலர்ட் பிடிக்க வேண்டியது துல்லியமாக இந்த மாதிரியைத்தான், ஏனென்றால் வேறு எந்த அலர்ட்டுக்கும் இது தெரியாது. அதற்கு மேலே 0.68, 0.71, 0.73, 0.74 என்று ஒற்றை ஒற்றையாக வெவ்வேறு நாட்களில் சிதறிக் கிடக்கின்றன. எதற்கும் காரணம் அகப்படவில்லை. இவை சாதாரண ஆட்டம்.

பிடிக்க வேண்டியவற்றில் மேலே நிற்பது 0.61. விட வேண்டியவற்றில் கீழே நிற்பது 0.68. வரம்பை 0.65இல் வைத்தால் இந்த 8 வாரத்துக்குச் சரியாகப் பிரிகிறது. ஆனால் இடைவெளி மிகக் குறுகல். அடுத்த மாதம் ஒரு சாதாரண மணி 0.64க்கு இறங்கலாம், ஒரு நிஜக் கோளாறு 0.66இல் நின்றுவிடலாம்.

பட்டியலே ஒரு வழி காட்டுகிறது: நிஜக் கோளாறு தொடர்ந்து நிற்கிறது, சாதாரண ஆட்டம் ஒரே மணியில் மீண்டுவிடுகிறது. எனவே "அடுத்தடுத்த இரண்டு மணியும் வரம்புக்குக் கீழே" என்ற விதியைச் சோதித்துப் பாருங்கள். இரண்டும் கீழே இருக்க வேண்டும் என்றால் இரண்டில் பெரியது கீழே இருக்க வேண்டும் என்றுதான் பொருள். D675இல்:

```
=MAX(C674,C675)
```

இதையும் இழுத்துவிட்டு, அதேபோல மதிப்புகளாக ஒட்டி வரிசைப்படுத்துங்கள். மெனு கோளாறு இப்போது 0.58, 0.61 என்று நிற்கிறது. சிதறிக் கிடந்த சாதாரண மணிகளோ பக்கத்து மணியின் உயர்ந்த விகிதத்தால் மேலே ஏறிவிட்டன. அவற்றில் மிகக் குறைந்தது இப்போது 0.84 என்று வைத்துக்கொள்வோம். 0.61க்கும் 0.84க்கும் நடுவே நல்ல இடைவெளி. 0.75ஐ நிம்மதியாக வரம்பாக வைக்கலாம். இதற்குக் கொடுக்கும் விலை தாமதம்: கோளாறு தொடங்கிக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்தே தெரியும்.

அந்த விலை கடும் சரிவுக்குக் கட்டுப்படியாகாது. அதற்குத் தனியாக இன்னொரு விதி வையுங்கள்: 15 நிமிட எண்ணிக்கை வழக்கத்தில் 0.4க்குக் கீழே. பகலில் 15 நிமிடத்துக்கு 1,000 பேர் வரும் தளத்தில் தற்செயல் ஆட்டம் சுமார் 3 சதவீதம் என்பதால், அவ்வளவு ஆழம் தானாக வராது. முதல் விதி சேனலில் செய்தியாகப் போகட்டும். இரண்டாவது மட்டும் டியூட்டியில் இருப்பவரின் போனை அடிக்கட்டும்.

விடுமுறையை வரம்பால் தீர்க்க முயல வேண்டாம். 0.32க்குக் கீழே வரம்பைக் கொண்டுபோனால் மெனு கோளாறு தப்பிவிடும். தெரிந்த விடுமுறை நாட்களுக்கு முதல் விதியை அட்டவணையிட்டு மௌனமாக்குவதே சரி. கடும் சரிவு விதியையும் அன்று 0.15க்கு இறக்கினால் போதும்.

எத்தனை தொடர்களுக்கு வைப்பது

மொத்த எண்ணிக்கை சில கோளாறுகளை மறைக்கும். தேடலிலிருந்து வருபவர்கள் மொத்தத்தில் 30 சதவீதம் என்றால், அது பாதியாகக் குறைந்தாலும் மொத்தம் 0.85இல் நிற்கும், அலர்ட் வராது. அதற்காகத் தேடல், மொபைல், ஒவ்வொரு நாடு, ஒவ்வொரு பிரிவு என்று 40 தொடர்களுக்கு அலர்ட் வைக்கவும் ஆசை வரும். கணக்குப் பாருங்கள்: நூறு மணிக்கு ஒருமுறை பொய்யாக அடிக்கும் விதி, ஒரு தொடரில் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. 40 தொடரில் வாரத்துக்கு 67. மொத்தம், தேடல், மொபைல் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன பட்டியலைத் தனியாகப் போடுங்கள். மூன்றுக்கும் ஒரே வரம்பு பொருந்தாது. எண்ணிக்கை சிறிய தொடர் அதிகமாக ஆடும்.

புரோமீதியஸில் எழுதும்போது

மெட்ரிக்குகளைச் சேகரித்து அலர்ட் விதிகளை ஓட்டும் மென்பொருளான புரோமீதியஸுக்கு, ஸ்ப்ரெட்ஷீட்டில் கிடைத்த விதியை அப்படியே மாற்றலாம். `page_requests_total` என்ற இடத்தில் உங்கள் மெட்ரிக்கின் பெயர் வரும்:

```
groups:
- name: traffic
  rules:
  - record: site:pages:1h
    expr: sum(increase(page_requests_total[1h]))
  - record: site:pages:usual
    expr: |
      quantile(0.5,
        label_replace(site:pages:1h offset 1w, "wk", "1", "", "")
        or label_replace(site:pages:1h offset 2w, "wk", "2", "", "")
        or label_replace(site:pages:1h offset 3w, "wk", "3", "", "")
        or label_replace(site:pages:1h offset 4w, "wk", "4", "", ""))
  - alert: TrafficDrop
    expr: site:pages:1h / site:pages:usual < 0.75 and site:pages:usual > 200
    for: 1h
```

`label_replace` நான்கு வாரங்களுக்கும் வெவ்வேறு அடையாளம் ஒட்டுகிறது. அது இல்லாவிட்டால் `or` முதல் வாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உதறிவிடும்.

இதில் சத்தமில்லாமல் தவறாகும் இடங்கள் மூன்று. முதலாவது, புரோமீதியஸ் தரவை இயல்பாக 15 நாள் மட்டுமே வைத்திருக்கும். மூன்றாம், நான்காம் வாரம் இல்லாவிட்டால் பிழை எதுவும் வராது. இருக்கிற இரண்டு வாரத்தை வைத்தே மீடியன் கணக்காகும், இரண்டு எண்ணின் மீடியன் வெறும் சராசரிதான். `--storage.tsdb.retention.time=35d` என்று கூட்டி, நான்கு வாரம் சேரும்வரை அலர்ட்டைச் சோதனைச் சேனலுக்கு மட்டும் அனுப்புங்கள்.

இரண்டாவது, மெட்ரிக்கே வராமல் போனால் அந்த எக்ஸ்பிரஷன் வெறுமையாகும். வெறுமை என்றால் அலர்ட் இல்லை. ட்ராஃபிக் முற்றாக நின்றபோது அலர்ட் மௌனமாக இருந்தது என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம். `absent(site:pages:1h)` என்ற தனி அலர்ட் இதற்கு வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: ஐந்து சர்வரில் இரண்டிலிருந்து மட்டும் மெட்ரிக் வராமல் நின்றால் கூட்டுத்தொகை 0.6 ஆகத் தெரியும், பார்வையாளர் ஒருவரும் குறைந்திருக்கமாட்டார்.

மூன்றாவது `for`, அதாவது சரிவு எவ்வளவு நேரம் நீடித்தால் அலர்ட் அடிக்க வேண்டும் என்பது. கடைசி ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் ஜன்னலுக்கு `for: 5m` என்று வைத்தால் பாதுகாப்பு கூடியதுபோலத் தோன்றும். ஆனால் ஐந்து நிமிடம் தள்ளிப் பார்த்தாலும் 55 நிமிடத் தரவு அதேதான். ஒரே ஆட்டத்தை இருமுறை எண்ணுகிறீர்கள். புதிய சாட்சி வேண்டுமென்றால் `for` ஜன்னலின் நீளத்துக்கு இருக்க வேண்டும். அதனால்தான் மேலே `1h`.

அலர்ட் வந்தபின்

செய்தியில் எண்கள் இருக்கட்டும்: "14:00–15:00: 2,310. வழக்கம் 4,085. 57%". இதைப் படிப்பவர் டாஷ்போர்டைத் திறக்காமலே இது எவ்வளவு பெரிது என்று அறிவார். அதோடு தளம் விழுந்ததற்கான அலர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அலர்ட்மேனேஜரின் `inhibit_rules` மூலம் ட்ராஃபிக் அலர்ட்டை அடக்கிவிடுங்கள். ஒரே கோளாறுக்கு நான்கு செய்தி வேண்டாம். விகிதம் 0.74க்கும் 0.76க்கும் இடையே ஊசலாடி அலர்ட் வந்து போய் வந்து போகிறதென்றால் `keep_firing_for: 30m` சேர்த்தால் நிற்கும்.

வழக்கம் நான்கு வாரத்தோடு நகர்ந்துகொண்டே இருப்பதால், மெதுவான தேய்வை இந்த அலர்ட் ஒருபோதும் பிடிக்காது. வாரத்துக்கு 3 சதவீதம் குறைந்துகொண்டே போனால் வழக்கமும் கூடவே இறங்கும், விகிதம் 0.93 அளவிலேயே நிற்கும். அதை அலர்ட்டாக்க முயல வேண்டாம். வாரம் ஒருமுறை, 12 வாரத்துக்கு முன்பிருந்த வாரத்தின் மொத்தத்தோடு ஒப்பிடும் ஒரு வரி அறிக்கை போதும்.

வந்த ஒவ்வொரு அலர்ட்டுக்கும் நேரம், விகிதம், காரணம் மூன்றையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். 8 வாரம் கழித்துப் புதிய தரவோடு அதே ஸ்ப்ரெட்ஷீட்டை ஓட்டும்போது, அடிமட்டப் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய காரணங்கள் தயாராக இருக்கும், 0.75ஐ ஏற்றுவதா இறக்குவதா என்பதை அவற்றை வைத்தே முடிவெடுக்கலாம்.